158-உம் 23-உம்: விமானத்தில் போடும் பெட்டியை வீட்டிலேயே அளந்து பார்ப்பது எப்படி

போன மாதம் அக்கா சிகாகோவுக்குக் கிளம்பினாள். மகளுக்குத் தலைப்பிரசவம். திருச்சி வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. சுற்றிலும் சாம்பார் பொடி, பிரசவ மருந்து, கருவடாம், குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவையில் தைத்த துணிகள். நீலப் பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இதுல எவ்வளவு வேணாலும் வைக்கலாமாடா? டிக்கெட்ல ரெண்டு பெட்டின்னுதானே போட்டிருக்கு?"

டிக்கெட்டில் உண்மையிலேயே அவ்வளவுதான் இருந்தது. ஊர், தேதி, நேரம் எல்லாம் போட்டு, ஓரத்தில் `2PC` என்று ஒரு குறி. இரண்டு உருப்படி என்று அர்த்தம். ஒவ்வொரு உருப்படியும் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பது விமான நிறுவனத்தின் விதிப்பக்கத்தில் இருக்கிறது. அக்காவின் டிக்கெட்டுக்கு அது ஒரு பெட்டிக்கு 158 சென்டிமீட்டர், 23 கிலோ. உலகத்தின் பெரும்பாலான விமான நிறுவனங்களில் சாதாரண வகுப்புக்கு நீங்கள் பார்க்கப் போகும் இரண்டு எண்களும் பெரும்பாலும் இவைதான். ஆனாலும் உங்கள் நிறுவனத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். ஒரே நிறுவனத்தில்கூட மலிவான டிக்கெட்டுக்கு ஒரு பெட்டி, கொஞ்சம் விலை கூடியதற்கு இரண்டு என்று இருக்கும்.

இந்த இரண்டு எண்களும் தனித்தனி எல்லைகள். பெட்டி சிறியது என்பதற்காக எடையில் சலுகை கிடைக்காது. எடை குறைவு என்பதற்காகப் பெரிய பெட்டியை விட மாட்டார்கள். இரண்டையும் தாண்டினால் பல நிறுவனங்களில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டிவரும்.

158 என்பது எதன் அளவு

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வருவதுதான் இந்த எண். பெருக்குவது கிடையாது, கூட்டல் மட்டும். 70 நீளம், 48 அகலம், 30 உயரம் என்றால் 148. எல்லைக்குள் இருக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் இதையே 62 அங்குலம் என்பார்கள். 62 அங்குலத்தை மாற்றினால் 157.48 சென்டிமீட்டர் வரும், அதை 158 என்று முழுமையாக்கிக்கொண்டார்கள்.

ஏன் கூட்டல்? கவுண்டரில் நிற்பவருக்கு ஒரு டேப்பும் அரை நிமிடமும்தான் இருக்கிறது. பெட்டிகளோ எல்லா வடிவத்திலும் வரும். நீளத்துக்கு ஒரு எல்லை, அகலத்துக்கு ஒரு எல்லை என்று வைத்தால் கோணல் வடிவங்களுக்கெல்லாம் தகராறு வரும். மூன்றையும் கூட்டிவிட்டால் நீளமான பொருள் கொண்டுவருபவர் மற்ற இரண்டு பக்கங்களில் விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். மிருதங்கத்தைப் பெட்டியோடு அளந்தால் 66, 33, 33 என்கிற மாதிரி வரும். கூட்டினால் 132, தாராளமாகப் போகும். வீணைக்கு இது ஆகாது. அதன் நீளமே 130 சென்டிமீட்டரை நெருங்குவதால் மற்ற இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து 28 மட்டுமே மிஞ்சும். குடத்தை மட்டும் அளந்தாலே அதைத் தாண்டிவிடும். அமெரிக்காவில் 2012-இல் வந்த ஒரு சட்டம் அந்நாட்டு விமான நிறுவனங்களுக்கு இசைக்கருவிகளை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்கிறது. மூன்று பக்கக் கூட்டல் 150 அங்குலம் வரையிலும் எடை 165 பவுண்டு வரையிலும், விமானத்தில் இடம் இருந்தால், ஏற்றிக்கொள்ள வேண்டும். கூடுதல் அளவுக்கான கட்டணம் வாங்கலாம். வீணையோடு போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

இனி அளக்கும் விதம். எல்லோரும் தவறுகிற இடம் இதுதான்.

கடையில் 28 அங்குலப் பெட்டி, 24 அங்குலப் பெட்டி என்று விற்கிறார்கள். அது ஒரு பக்கத்தின் அளவு மட்டும், அதாவது பெட்டியை நிற்க வைத்தால் தெரியும் உயரம். அதையும் சில கம்பெனிகள் சக்கரத்தோடு சொல்கிறார்கள், சில கம்பெனிகள் உடலை மட்டும் சொல்கிறார்கள். விமான நிறுவனம் அளப்பது சக்கரம், கைப்பிடி, வெளிப்பை எல்லாம் சேர்த்து, எந்தப் பக்கம் எது மிக வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதோ அதுவரை. இழுப்புக் கம்பியை உள்ளே தள்ளிவிட்டு அளக்க வேண்டும் என்பது மட்டுமே உங்களுக்குச் சாதகமானது.

அக்காவின் நீலப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் 73 × 50 × 30 என்று இருந்தது. கூட்டினால் 153. ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் என்று அவளுக்கு நிம்மதி. நான் பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்தேன். அதன் தலையில் ஒரு தடிமனான அகராதியைப் படுக்கையாக வைத்து, அகராதியின் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து கோடு வரை டேப் பிடித்தால் 77.5. நாலு சக்கரமும் சேர்ந்து நாலரை சென்டிமீட்டரைக் கூட்டியிருந்தன. பெட்டியைப் படுக்க வைத்து அதேபோல் மற்ற இரண்டு பக்கங்களையும் பார்த்தேன். பக்கவாட்டுக் கைப்பிடி கொஞ்சம் துருத்தியதால் 50.5. மூன்றாவது பக்கம் 30. ஆகக் கூட்டல் 158. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது.

டேப்பை நேரடியாகப் பெட்டியின் மேல் ஒட்டிப் பிடிக்காமல் சுவரையும் புத்தகத்தையும் வைத்து அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டியின் விளிம்புகள் வளைந்திருக்கும். வளைவின் மேல் டேப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். வளைவை விட்டுவிட்டுத் தட்டையான இடத்தில் மட்டும் பிடித்தால் குறைவாகக் காட்டும். இரண்டு சமதளங்களுக்கு நடுவே பெட்டியை நிறுத்தினால் உண்மையான அளவு கிடைத்துவிடும்.

அடுத்தது ஜிப். பெரிய பெட்டிகளில் மூடுகிற ஜிப்பைத் தவிர, சுற்றி இன்னொரு ஜிப் இருக்கும். அதைத் திறந்தால் பெட்டி பருத்து, கூடுதல் இடம் கொடுக்கும். அக்கா அதைத் திறந்துதான் எல்லாவற்றையும் அடைத்திருந்தாள். திறந்த நிலையில் மூன்றாவது பக்கம் 30 இல்லை, 34.5. கூட்டல் 162.5. ஒரு ஜிப் திறந்ததில் பெட்டி எல்லையைத் தாண்டிவிட்டது. துணிப்பெட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். காலியாக இருக்கும்போது ஒரு அளவு, நிரம்பி வயிறு தள்ளியிருக்கும்போது வேறு அளவு. அதனால் எந்தப் பெட்டியையும் நிரப்பி, மூடிய பிறகுதான் அளக்க வேண்டும்.

ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு யாரும் டேப்பை எடுக்க மாட்டார்கள் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். நெரிசலான நேரத்தில் அது நடப்பதும் உண்டு. ஆனால் எடுத்துவிட்டால் அதற்கான பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். வீட்டில் அளந்து 156-க்குள் வைத்துக்கொண்டால் அந்தக் கவலையே வேண்டாம்.

எடை இரண்டு விதமாகக் கணக்கிடப்படும்

இந்த இடத்தில் டிக்கெட்டில் உள்ள குறியை மறுபடி பார்க்க வேண்டும். அக்காவுக்கு `2PC`. துபாயில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனின் டிக்கெட்டில் `30K` என்றிருக்கும். முதலாவது உருப்படிக் கணக்கு, அமெரிக்கா, கனடா போகும் வழிகளில் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது மொத்த எடைக் கணக்கு, வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்குப் பழகியது.

மொத்த எடைக் கணக்கில் 30 கிலோவை ஒரே பெட்டியில் வைக்கலாம், 18-ஆகவும் 12-ஆகவும் பிரிக்கலாம். எத்தனை உருப்படி என்பதற்கு மட்டும் சில நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கும். குடும்பமாக ஒரே முன்பதிவில் போனால் எல்லோருடைய எடையையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதும் பல இடங்களில் வழக்கம். உருப்படிக் கணக்கில் இந்தச் சௌகரியம் கிடையாது. 2 × 23 = 46 என்று கணக்குப் போட்டு ஒன்றில் 26, இன்னொன்றில் 20 வைத்தால் 26 கிலோப் பெட்டிக்குக் கட்டணம் உண்டு. மற்றதில் மூன்று கிலோ மிச்சம் இருந்தது என்பதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டணம் ஏறுகிற விதமும் வேறு. மொத்த எடைக் கணக்கில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஏறும். இரண்டு கிலோ கூடினால் இரண்டு கிலோவுக்குப் பணம். உருப்படிக் கணக்கில் அது படிக்கட்டு மாதிரி. 23-ஐத் தாண்டி 32 வரைக்கும் பெரும்பாலும் ஒரே கட்டணம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இது 100 டாலர் அளவில் இருக்கிறது. 25 கிலோவுக்கும் அதே பணம், 32 கிலோவுக்கும் அதே பணம். ஒரு கிலோ சாம்பார் பொடிக்காக யாரும் அந்தப் படியில் ஏறக் கூடாது. பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அந்த ஒரு பெட்டியிலேயே கனமானதையெல்லாம் வைத்து 31 கிலோ வரைக்கும் நிரப்பிவிடுங்கள், கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்கும்.

32-க்கு மேல் பெரும்பாலும் பணம் கொடுத்தாலும் ஏற்ற மாட்டார்கள். இது மொத்த எடைக் கணக்குக்கும் பொருந்தும். உங்களுக்கு 40 கிலோ அனுமதி இருந்தாலும் ஒரே பெட்டியில் 40 வைக்க முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். இதன் காரணம் விமானத்தில் இல்லை, அதைத் தூக்கும் ஆட்களின் முதுகில் இருக்கிறது. பெல்ட்டில் போன பெட்டி உள்ளே போய்த் தானாக விமானத்தில் ஏறிவிடுவதாக நாம் நினைக்கிறோம். நடுவில் மனிதக் கை பட்டே ஆக வேண்டும். 737 போன்ற சிறிய விமானங்களில் சரக்கு அறை நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். உள்ளே மண்டியிட்டுக்கொண்டு ஒருவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குகிறார். ஒரு விமானத்துக்கு நூற்றுக்கணக்கான பெட்டிகள். இடுப்பை வளைத்துத் தூக்குகிற அவருக்கு 32 என்பதே அதிகம். 23-ஐத் தாண்டிய பெட்டிகளில் கனம் என்று எச்சரிக்கிற சீட்டு ஒன்றைக் கட்டிவிடுவதும் அவருக்காகத்தான். பார்த்ததும் இரண்டு பேராகத் தூக்கலாம், அல்லது முதுகைத் தயார்ப்படுத்திக்கொண்டு தூக்கலாம்.

வீட்டில் எடை போடுவது

ஆள் ஏறி நிற்கும் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் போதும். பெட்டியைத் தனியாக அதன்மேல் வைக்காதீர்கள். பெட்டி பெரியது, தராசு சிறியது, எண் தெரியாது, சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதலில் நீங்கள் மட்டும் ஏறி நின்று எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் பெட்டியின் எடை. நான் மட்டும் 68.4. நீலப் பெட்டியோடு 93.6. ஆக 25.2. பழுப்புப் பெட்டியோடு 88. ஆக 19.6. மொத்தம் 44.8 கிலோ. 46-க்குள் இருந்தும் நீலப் பெட்டி தேறவில்லை. அதற்குத்தான் மேலே அவ்வளவு நேரம் சொன்னேன்.

கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் சிறிய மின்னணுத் தராசு இன்னும் வசதி. கைப்பிடியில் பட்டையை மாட்டி மெதுவாகத் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் அந்த வேகத்தையும் எடையாகக் காட்டும். எண் நிலைத்து நின்ற பிறகு படிக்க வேண்டும்.

எந்தத் தராசாக இருந்தாலும் அது உண்மை சொல்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். நம் வீடுகளில் அதற்கு அருமையான படிக்கல் ஒன்று இருக்கிறது, 20 லிட்டர் தண்ணீர் கேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தண்ணீர் மட்டும் சுமார் 20 கிலோ. காலிக் கேனைத் தனியே எடை போட்டு அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். கேன் முக்கால் கிலோ என்றால் நிரம்பிய கேன் 20.75-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். எங்கள் தராசு 20.6 காட்டியது. கேனை நிரப்புகிறவர் கழுத்துவரை நிரப்பவில்லை என்றாலும் அந்த வித்தியாசம் வரும், அதனால் அரைக் கிலோவுக்குள் இருந்தால் நம்பலாம். இரண்டு கிலோ வித்தியாசம் காட்டுகிற தராசை வைத்துக்கொண்டு பெட்டி கட்டக் கூடாது. எங்கள் உறவில் ஒருவர் அப்படித்தான் கட்டிக்கொண்டு போய், கவுண்டருக்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து, வரிசையில் நின்றவர்கள் பார்க்க, ஊறுகாய் ஜாடியை எங்கே வைப்பது என்று தவித்தார். கைப்பையில் வைக்க முடியாது. இங்கிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவமோ குழம்பு மாதிரியானதோ விட மாட்டார்கள். ஜாடி அங்கேயே நின்றுவிட்டது.

நீலப் பெட்டியிலிருந்து ஒரு ஊறுகாய் ஜாடி, 1.3 கிலோ. சாம்பார் பொடி ஒரு கிலோ. கருவடாம் அரைக் கிலோ. ஆக 2.8 கிலோவைப் பழுப்புப் பெட்டிக்கு மாற்றினோம். இரண்டும் 22.4-க்கு வந்து நின்றன. 23-ஐ ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தாமல் அரைக் கிலோவாவது விட்டுவைப்பது நம் தராசுக்கும் அவர்கள் தராசுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக.

நீலப் பெட்டியில் இடம் காலியானதும் அந்தக் கூடுதல் ஜிப்பையும் மூட முடிந்தது. 162.5 மறுபடி 158 ஆனது. இன்னும் இரண்டு குறைந்தால் நன்றாக இருந்திருக்கும், அந்தப் பெட்டியில் அதற்கு வழியில்லை.

பெரிய பெட்டி வாங்கினால் அதிகம் கொண்டுபோக முடியுமா?

அக்காவின் அடுத்த கேள்வி இது. 158 வரை அனுமதி இருக்கும்போது அதற்குக் குறைந்த பெட்டியை எதற்கு வாங்க வேண்டும்? கேள்வி நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது.

நீலப் பெட்டியின் உள்ளே சுமார் 100 லிட்டர் இடம். காலிப் பெட்டியே நாலரைக் கிலோ. 23-இல் அது போனால் சாமானுக்கு 18.5 கிலோ. அதாவது ஒவ்வொரு லிட்டர் இடத்திலும் சராசரியாக 185 கிராம் வைத்தாலே எடை முடிந்துவிடுகிறது. இப்போது நம் சாமான்களைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் அரிசி கொட்டினால் ஏறக்குறைய 800 கிராம். பருத்திப் புடவை ஒன்று அரைக் கிலோ, மடித்து வைத்தால் ஒன்றரை லிட்டர் இடம் பிடிக்கும், அதுவே லிட்டருக்கு 330 கிராம். துணியிலேயே 185-ஐத் தாண்டிவிட்டோம். அதனால் சாதாரணமாக நாம் கொண்டுபோகிற எதை வைத்தாலும் அந்தப் பெட்டி நிரம்புவதற்கு முன்பே எடை எல்லையைத் தொட்டுவிடும். பாதிக்கு மேல் காலியாக இருக்கிற பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று 25-ஐத் தொட்டுவிடுகிறோம்.

இதற்குப் பக்கத்தில் ஒரு நடுத்தரப் பெட்டியை வைத்துப் பாருங்கள். வெளி அளவு 67, 45, 27. கூட்டல் 139. உள்ளே ஏறக்குறைய 68 லிட்டர். காலி எடை 3.4 கிலோ. சாமானுக்கு 19.6 கிலோ மிஞ்சுகிறது. பெரிய பெட்டியைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாக வைக்கலாம், அளவைப் பற்றிய பயமும் இல்லை. பொடி, பருப்பு, புத்தகம், வெங்கலப் பாத்திரம் என்று கொண்டுபோகிறவர்களுக்கு நடுத்தரப் பெட்டிதான் சரி.

158-ஐ முழுதாகப் பயன்படுத்துகிற பெட்டி யாருக்குத் தேவை? பஞ்சுத் தலையணை, குளிர்காலக் கோட்டு, அப்பளம், குழந்தையின் மெத்தை என்று இடத்தை அடைத்துக்கொண்டு எடை காட்டாத சாமான் வைத்திருப்பவர்களுக்கு. இரண்டு பெட்டி அனுமதி இருந்தால் ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம் என்று வைத்துக்கொண்டு, ஊறுகாயையும் பொடியையும் நடுத்தரத்திலும், துணியையும் வடாமையும் பெரியதிலும் வைக்கலாம். உடையக்கூடிய வடாமுக்கும் அதுதான் நல்லது.

நடுவில் ஒரு உள்ளூர் விமானம்

இந்த ஒன்றில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அக்காவின் சிகாகோ டிக்கெட் சென்னையிலிருந்து தொடங்கியது. திருச்சியிலிருந்து சென்னைக்கு அத்தான் தனியாக இன்னொரு விமான டிக்கெட் எடுப்பதாக இருந்தார். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். அக்காவின் இரண்டு பெட்டியும் சேர்ந்து 44.8. கிட்டத்தட்ட 30 கிலோவுக்குக் கிலோ கணக்கில் பணம் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தொகை டிக்கெட் விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

திருச்சியிலிருந்து சிகாகோ வரை ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே டிக்கெட்டில் வருகிற எல்லா விமானங்களுக்கும் ஒரே அனுமதிதான் என்பது, பயணம் அமெரிக்காவில் தொடங்கினாலோ முடிந்தாலோ, அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி. முதல் விமானத்துக்கு என்ன அனுமதியோ அது கடைசி விமானம் வரை செல்லும். மற்ற நாட்டுப் பயணங்களிலும் ஒரே டிக்கெட்டில் பொதுவாக ஒரே கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கைத்தான் பார்க்கும். அங்கே போய், அடுத்தது அமெரிக்கா விமானம் என்று சொல்லிப் பார்க்கலாம், சில நிறுவனங்கள் தொடர் பயணத்துக்குச் சலுகை தருகின்றன, ஆனால் அதை முன்பே எழுத்தில் தெரிந்துகொள்ளாமல் நம்பிப் போகக் கூடாது.

நாங்கள் உள்ளூர் விமானத்தை விட்டுவிட்டு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ இலவசம், போனதோ அக்காவும் நானும்.

கவுண்டரில்

வரிசையில் முறை வந்ததும் பெட்டியை வைக்கும் முன் தராசின் எண் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி பக்கத்துத் தடுப்பில் சாய்ந்துகொண்டிருந்தாலோ கைப்பிடி எங்காவது மாட்டியிருந்தாலோ எடை மாறும். சந்தேகம் இருந்தால் மரியாதையாகக் கேட்டுப் பக்கத்துக் கவுண்டரில் இன்னொரு முறை போடச் சொல்லலாம், அதில் தவறில்லை. நீலப் பெட்டி 22.6 காட்டியது. பழுப்பு 22.3. டேப்பை யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது அக்கா தனியாக வருவாள். அங்கே தராசு பவுண்டில் காட்டும், எல்லை 50 பவுண்டு. 50 பவுண்டு என்பது 22.68 கிலோதான். இங்கே 23 கிலோ என்று சரியாக நிறுத்திய பெட்டி அங்கே 50.7 காட்டும். அவளுக்குக் கிலோ மட்டும்தான் பழக்கம். அதனால் இரண்டு பெட்டிகளின் மூடியின் உட்பக்கத்திலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி அனுப்பினேன்: "49 பவுண்டு வரை. சக்கரத்தோடு 62 அங்குலம். பெரிய ஜிப்பைத் திறக்காதே அக்கா."